மாதொருபாகன் தடை செய்யப்பட்ட நாவலா? வாசிப்பு வட்டத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குடியாத்தத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பத்துப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்து நாவல் படிக்கிறோம். நெசவு வேலை செய்கிறவர்கள், வேலூரில் நர்சிங் படிக்கிற பிள்ளைகள், ரிட்டயர்டு வாத்தியார் ஒருவர், பேரணாம்பட்டிலிருந்து பஸ் பிடித்து வருகிற ஒரு தம்பி என்று கலவையான கூட்டம். பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ படித்த மூன்று வாரமும் கதையைவிட அந்த நாவலுக்கு நடந்ததைப் பற்றித்தான் அதிகம் கேட்டார்கள். புதிதாக வருகிறவர்களும் அதையேதான் கேட்கிறார்கள். அதனால் கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே வைத்திருக்கிறேன்.

அது கவர்மெண்டு தடை பண்ண புக்காச்சே சார், நீங்க எப்படி தைரியமா அலமாரியில வெச்சிருக்கீங்க?

அந்த நாவலை எந்த அரசும் எந்த நாளும் தடை செய்யவில்லை. தமிழ்நாடு அரசு செய்யவில்லை, மத்திய அரசும் செய்யவில்லை, கோர்ட்டும் செய்யவில்லை. கடையில் விற்கிறது, யார் வேண்டுமானாலும் வாங்கலாம்.

ஆனால் 2015 ஜனவரியில் அது கடைகளில் இருந்து காணாமல் போனது உண்மை, அதை எழுதியவர் எழுத்தையே விட்டுவிட்டேன் என்று அறிவித்ததும் உண்மை. தடை உத்தரவு என்று ஒரு காகிதம்கூட இல்லாமல் இது எப்படி நடந்தது என்பதுதான் இந்தப் பக்கம் முழுக்க நான் சொல்ல நினைப்பது.

ஒரு கதைக்கு இன்னாத்துக்கு சார் இம்மாம் கலாட்டா? உள்ள அப்படி இன்னாதான் கீது?

காளி, பொன்னா என்று ஒரு விவசாயத் தம்பதி. கொங்கு நாட்டில், வெள்ளைக்காரன் காலத்தில் நடக்கிற கதை. ஒருத்தர் மேல் ஒருத்தருக்கு உயிர். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம் ஆகியும் குழந்தை இல்லை. அதனால் ஊரார் பேசுகிற பேச்சு, விசேஷ வீட்டில் ஒதுக்கி வைப்பது, காளிக்கு இரண்டாம் கல்யாணம் பண்ணலாமா என்று உறவுக்காரர்கள் கிசுகிசுப்பது, வேண்டாத சாமி இல்லை என்று கோயில் கோயிலாகப் போவது, இவைதான் நாவலின் பெரும்பகுதி.

சண்டை வந்தது கடைசிப் பகுதிக்கு. திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் கோயில் வைகாசித் தேர்த் திருவிழாவின் பதினான்காம் நாள் இரவில், குழந்தை இல்லாத பெண்கள் முன்பின் தெரியாத ஆணுடன் சேரலாம், அன்றைக்கு வருகிற ஆண் சாமிக்குச் சமம், பிறக்கிற குழந்தை ‘சாமி கொடுத்த பிள்ளை’ என்று ஒரு வழக்கம் இருந்ததாகக் கதை போகிறது. பொன்னாவை அங்கே அனுப்புகிறார்கள். காளிக்கு அதில் சம்மதம் இல்லை. அவன் ஒத்துக்கொண்டதாகச் சொல்லித்தான் அவளைக் கூட்டிப் போகிறார்கள், அவளும் நம்பித்தான் போகிறாள். அந்த இரவோடு நாவல் முடிகிறது. திருச்செங்கோடு நிஜமான ஊர், கோயிலும் நிஜமான கோயில், எந்தச் சாதிக்காரர்கள் என்பதும் கதையில் தெரியும். கோபத்துக்கு அதுவே காரணமானது.

2010ல வந்த நாவலுக்கு 2014ல எப்படி கோபம் வரும்? நாலு வருஷம் யாருமே படிக்கலையா?

படித்தார்கள், மதிப்புரை எழுதினார்கள், மறுபதிப்பு வந்தது, 2013இல் இங்கிலீஷிலும் வந்தது. அதுவரை ஒரு சின்னச் சலசலப்புகூட இல்லை. 2014 டிசம்பரில்தான் நாவலிலிருந்து சில பக்கங்களை மட்டும் ஜெராக்ஸ் எடுத்துத் திருச்செங்கோட்டில் கைக்குக் கை கொடுத்தார்கள். டிசம்பர் 26ஆம் தேதி புத்தகத்தை எரித்தார்கள். ஜனவரியில் கடையடைப்பு.

என் மனசுக்குப் படுவதைச் சொல்கிறேன். எரித்தவர்களில் பெரும்பாலானவர்கள் நாவலைப் படித்திருக்க வாய்ப்பு குறைவு, அவர்கள் கையில் இருந்தது நாவலே இல்லை. பொன்னா பன்னிரண்டு வருஷம் பட்ட அவமானத்தைப் பக்கம் பக்கமாகப் படித்துவிட்டு அந்த இரவுக்கு வருகிறவருக்கும், அந்த இரவை மட்டும் நாலு ஜெராக்ஸ் தாளில் படிக்கிறவருக்கும் கிடைப்பது வேறு வேறு புத்தகம். முன்னவருக்கு அது ஒரு பெண்ணின் கதை. பின்னவருக்கு அது எங்க ஊர்ப் பொம்பளைங்களைக் கேவலமாக எழுதின தாள். இரண்டாவது ஆளின் கோபம் பொய் என்று நான் சொல்லவே மாட்டேன். அந்தக் கோபத்துக்குத் தீனி எப்படிப் பொறுக்கி எடுத்துத் தரப்பட்டது என்பதைத்தான் பார்க்கச் சொல்கிறேன்.

அப்போ நெஜமான தடைன்னா அது எப்படி இருக்கும்?

குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 95ஆம் பிரிவு என்று இருந்தது. 2024 ஜூலை 1 முதல் புதுச் சட்டம் வந்த பிறகு அதுவே 98ஆம் பிரிவு. ஒரு புத்தகம் ஆபாசமானது, மதத்தை வேண்டுமென்றே புண்படுத்துகிறது, சமூகங்களுக்குள் பகையை மூட்டுகிறது, இந்த மாதிரி சில குறிப்பிட்ட குற்றங்களுக்குள் வருகிறது என்று மாநில அரசு கருதினால், அரசு அறிவிக்கை வெளியிட்டு அதன் எல்லாப் பிரதிகளையும் பறிமுதல் செய்யலாம். அப்படிக் கருதியதற்கான காரணத்தை அறிவிக்கையிலேயே எழுத வேண்டும். காரணம் எழுதாத உத்தரவு செல்லாது என்று சுப்ரீம் கோர்ட்டு 1961லேயே ஒரு வழக்கில் சொல்லிவிட்டது.

காரணம் எழுத வேண்டும் என்பது சின்ன விஷயமாகத் தெரியலாம். ஆனால் எழுதிவிட்டால்தான் அதை எதிர்த்து வாதாட முடியும். அறிவிக்கை வந்த இரண்டு மாதத்துக்குள், அந்தப் புத்தகத்தில் அக்கறை உள்ளவர் ஹைகோர்ட்டுக்குப் போகலாம், மூன்று நீதிபதிகள் உட்கார்ந்து கேட்பார்கள். தஸ்லிமா நஸ்ரினின் தன்வரலாற்று நூல் ஒன்றை மேற்கு வங்க அரசு 2003இல் இப்படித்தான் தடை செய்தது, 2005இல் கல்கத்தா ஹைகோர்ட்டு தடையை நீக்கியது. தடை கொடுமைதான், நான் அதற்கு வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் அதில் உத்தரவு போட்டது யார், எந்தத் தேதி, என்ன காரணம் என்று எல்லாமே எழுத்தில் இருக்கும்.

வெளிநாட்டுலேர்ந்து வர்ற புத்தகத்துக்கும் இதே சட்டமா?

அதற்குச் சுங்கச் சட்டத்தின் 11ஆம் பிரிவு இருக்கிறது, இறக்குமதியையே நிறுத்திவிடலாம். சல்மான் ருஷ்டியின் ‘சாத்தானிக் வெர்சஸ்’ நாவலை 1988 அக்டோபரில் இந்தியாவுக்குள் வரவிடாமல் செய்தது இந்த வழியில்தான்.

அதன் கதை எங்கே முடிந்தது தெரியுமா? புத்தகத்தை இறக்குமதி செய்ய விரும்பிய ஒரு வாசகர் டெல்லி ஹைகோர்ட்டுக்குப் போனார். அந்த அறிவிக்கையைக் கொண்டுவாருங்கள் என்று கோர்ட்டு கேட்டது. எந்தத் துறையாலும் கொண்டுவர முடியவில்லை. அப்படியொரு அறிவிக்கையே இல்லை என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று 2024 நவம்பரில் கோர்ட்டு சொல்லிவிட்டது. முப்பத்தாறு வருஷமாக ஒரு நாவலைத் தடுத்து வைத்திருந்த தாள் எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை.

கலெக்டர் ஆபீஸ்ல ரெண்டு தரப்பையும் கூப்பிட்டுப் பேசினாங்க, அது நல்லதுதானே அண்ணா? பேசித் தீர்க்கறதுல என்ன தப்பு?

‘மாதொருபாகன்’ விஷயத்தில் எல்லாமே இதில்தான் இருக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். 2015 ஜனவரி 12, திங்கட்கிழமை, நாமக்கல் கலெக்டர் அலுவலகத்தில் மாவட்ட வருவாய் அலுவலர் தலைமையில் ‘அமைதிப் பேச்சுவார்த்தை’ நடந்தது. அதற்குள் போலீஸ் சொன்னதன் பேரில் பெருமாள்முருகன் குடும்பத்தோடு ஊரைவிட்டுப் போயிருந்தார். அவரைத்தான் வரவழைத்தார்கள். அவர் தரப்பில் முதலில் ‘வருத்தம்’ தெரிவிப்பதாக எழுதிக் கொடுத்தார்கள். அது போதாது என்றார்கள். கடைசியில் ‘நிபந்தனையற்ற மன்னிப்பு’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். சர்ச்சைக்குரிய பகுதிகளை நீக்க வேண்டும், விற்காத பிரதிகளைத் திரும்பப் பெற வேண்டும் என்பதற்கும் ஒத்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

‘வருத்தம்’ என்ற சொல்லுக்கும் ‘நிபந்தனையற்ற மன்னிப்பு’ என்ற சொல்லுக்கும் நடுவில் இருக்கிற தூரத்தை யோசித்துப் பாருங்கள். உங்கள் மனசு புண்பட்டதற்கு வருத்தம் என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம், அதில் யாரும் தோற்பதில்லை. மன்னிப்பு என்றால் நான் செய்தது தப்பு என்று ஆகிவிடும். நாவல் தப்பா இல்லையா என்று சொல்ல வேண்டியது கோர்ட்டு. அதை இங்கே ஒரு மேசையில், வெளியே கூட்டம் இருக்கும்போது, நாவலைப் படிக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லாதவர்கள் முடிவு செய்தார்கள்.

பேசித் தீர்ப்பது நல்ல விஷயம்தான். வாய்க்கால் தகராறில் இரண்டு பேரும் கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் தண்ணீர் ஓடும். ஆனால் இங்கே ஒரு தரப்பு விட்டுக்கொடுத்தது போராட்டத்தை. இன்னொரு தரப்பு விட்டுக்கொடுத்தது புத்தகத்தையும் எழுதுகிற உரிமையையும். மேலே சொன்ன, அப்போது 95ஆம் பிரிவாக இருந்த சட்டத்தில் இருக்கிற மாதிரி காரணம், அறிவிக்கை, அப்பீல் எதுவும் இங்கே கிடையாது. காகிதத்தில் பார்த்தால் எழுத்தாளரே விரும்பிச் சம்மதித்தது போல இருக்கும்.

அதற்குப் பிறகுதான் பேஸ்புக்கில் அந்த அறிவிப்பு வந்தது. எழுத்தாளன் பெருமாள்முருகன் செத்துவிட்டான், அவன் கடவுள் இல்லை, அதனால் உயிர்த்தெழ மாட்டான் என்று. தன் நாவல்கள், சிறுகதைகள், கவிதைகள் எதையும் இனி விற்க வேண்டாம் என்று பதிப்பகங்களைக் கேட்டுக்கொண்டார். பதிப்பகங்களுக்கு நஷ்ட ஈடும் தருவதாகச் சொன்னார்.

ஊர்ல கலவரம் வர்ற மாதிரி இருந்தா ஆபீசருங்க வேற என்னதான் பண்ணுவாங்க, பாவம்?

மிரட்டுகிறவர்கள் மேல் நடவடிக்கை எடுக்கலாம், எழுதியவருக்குப் பாதுகாப்புக் கொடுக்கலாம். ‘ஒரே ஒரு கிராமத்திலே’ என்ற தமிழ்ப் படத்தின் வழக்கில் 1989லேயே சுப்ரீம் கோர்ட்டு இதைப் பளிச்சென்று சொல்லியிருக்கிறது: ஆர்ப்பாட்டம் நடக்கும், வன்முறை வரும் என்ற மிரட்டலைக் காட்டிக் கருத்துச் சுதந்திரத்தை அடக்க முடியாது, அதைக் காப்பாற்றுவது அரசின் கடமை, எங்களால் சமாளிக்க முடியாது என்று அரசு கைவிரிக்கக் கூடாது.

ஒரு அதிகாரியின் கஷ்டம் எனக்கும் புரிகிறது. கூட்டம் ஆயிரம் பேர், எழுதியவர் ஒரே ஆள். யாரை அமைதியாக்குவது சுலபம் என்று பார்த்தால் கை தானாக அந்த ஒருத்தர் பக்கம் போகும். அப்படிப் போகக் கூடாது என்பதற்குத்தான் சட்டம் இருக்கிறது.

ஹைகோர்ட்டு தீர்ப்பு எழுத்தாளருக்கு ஆதரவாதானே வந்துச்சு? அதுல என்ன சொன்னாங்க?

2016 ஜூலை 5ஆம் தேதி சென்னை ஹைகோர்ட்டுத் தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கவுல், நீதிபதி புஷ்பா சத்தியநாராயணா இரண்டு பேரும் தீர்ப்புச் சொன்னார்கள். வழக்குப் போட்டது பெருமாள்முருகன் இல்லை, தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் கலைஞர்கள் சங்கத்தின் சார்பில் ச.தமிழ்ச்செல்வன். நாவல் மேல் நடவடிக்கை வேண்டும் என்று திருச்செங்கோட்டுக்காரர்கள் போட்ட மனுவும் சேர்ந்தே விசாரணைக்கு வந்தது.

முக்கியமாக மூன்று விஷயம். அந்த அமைதிப் பேச்சுவார்த்தை முடிவுக்குச் சட்டப்படி எந்தப் பலமும் இல்லை, அது எழுத்தாளரைக் கட்டுப்படுத்தாது. நாவலில் குற்ற நடவடிக்கைக்கு இடமில்லை. அப்புறம், இனி இந்த மாதிரிப் பிரச்சினை வந்தால் இலக்கியமும் கலையும் தெரிந்த நிபுணர்களைக் கொண்ட குழுவின் கருத்தைக் கேட்பதற்கு அரசு ஏற்பாடு செய்ய வேண்டும். ஒரு புத்தகம் பிடிக்கவில்லை என்றால் தூக்கிப் போடுங்கள், படித்தே ஆக வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தவில்லை என்றும் எழுதினார்கள். கடைசி வரியில், எழுத்தாளர் தனக்குக் கைவந்ததைச் செய்ய உயிர்த்தெழட்டும், எழுதட்டும் என்றார்கள். உயிர்த்தெழ மாட்டேன் என்ற பேஸ்புக் வரிக்கு அதுதான் கோர்ட்டு சொன்ன பதில்.

நாவல்ல ஒரு கேரக்டர் தப்பா பேசினா, எழுதினவரே பேசின மாதிரிதானே சார்?

இல்லை. ஆனால் வழக்குகளில் திரும்பத் திரும்ப இந்தக் குழப்பம்தான் வருகிறது. கேரளத்தில் எஸ்.ஹரீஷ் எழுதிய ‘மீச’ நாவல் 2018இல் மாத்ருபூமி வார இதழில் தொடராக வந்தது. கோயிலுக்குப் போகிற பெண்களைப் பற்றி இரண்டு பாத்திரங்கள் பேசிக்கொள்கிற சில வரிகளைப் பிடித்துக்கொண்டு மிரட்டல் வந்தது. மூன்றே அத்தியாயத்தோடு அவர் தொடரை நிறுத்திக்கொண்டார். ஆகஸ்டில் அது புத்தகமாக வந்துவிட்டது. தடை கேட்டுப் போன மனுவைச் செப்டம்பர் 5ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு தள்ளுபடி செய்தது.

இதைவிட எனக்குப் பிடித்தது வங்க எழுத்தாளர் சமரேஷ் பாசுவின் ‘பிரஜாபதி’ வழக்கு. 1967இல் வந்த நாவல். கீழ்க்கோர்ட்டில் ஆபாசம் என்று தண்டனை, ஹைகோர்ட்டிலும் அதுவே. 1985இல்தான் சுப்ரீம் கோர்ட்டு விடுதலை செய்தது. அந்தத் தீர்ப்பில் நீதிபதி ஒரு நாவலை எப்படிப் படிக்க வேண்டும் என்றே சொல்லிக் கொடுக்கிறார்கள். முதலில் எழுதியவரின் இடத்தில் உட்கார்ந்து அவர் என்ன சொல்ல வருகிறார், அதற்கு இலக்கிய மதிப்பு உண்டா என்று பார்க்க வேண்டும். பிறகு எல்லா வயது வாசகர் இடத்திலும் உட்கார்ந்து, இது அவர்கள் மனசில் என்ன செய்யும் என்று பார்க்க வேண்டும். அதற்கப்புறம்தான் நீதிபதியாகத் தன் முடிவுக்கு வர வேண்டும். கொச்சையாக இருப்பது எல்லாம் ஆபாசம் ஆகிவிடாது என்றும் சொன்னார்கள். ஆனால் அந்த ஒரு நாவலுக்கு இவ்வளவும் சொல்லி முடிக்கப் பதினேழு வருஷம் கோர்ட்டு வாசலில் போனது.

எழுதினவங்களுக்கு மட்டும்தானே பிரச்சினை? என்னை மாதிரி கடையில வெச்சு விக்கிறவனும் மாட்டுவேனா?

மாட்டலாம். பம்பாயில் ஒரு சின்னப் புத்தகக் கடையில் டி.எச்.லாரன்சின் ‘லேடி சாட்டர்லி’ஸ் லவர்’ நாவலை ஒருவர் காசு கொடுத்து வாங்கினார். வந்தவர் நிஜமான வாடிக்கையாளர் இல்லை, போலீஸ் அனுப்பிய ஆள். கடையின் பங்குதாரர் ரஞ்சித் உதேஷிக்கு இருபது ரூபாய் அபராதம். 1964இல் சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதி செய்தது. உள்ளே ஆபாசம் இருப்பது கடைக்காரருக்குத் தெரியும் என்று அரசுத் தரப்பு நிரூபிக்கத் தேவையில்லை என்றும் சொன்னது.

அப்போது வைத்திருந்த அளவுகோல் மிகப் பழையது, எளிதில் கெட்டுப்போகக் கூடியவர் மனசை இந்த வரி கெடுக்குமா என்று பார்க்கிற இங்கிலீஷ்காரர்கள் காலத்து முறை. 2014இல் சுப்ரீம் கோர்ட்டு அதைக் கைவிட்டு, இன்றைய சமூகத்தின் சாதாரண மனிதர் மொத்தமாகப் பார்த்தால் எப்படி எடுத்துக்கொள்வார் என்பதற்கு மாறிவிட்டது. அதனால் அன்றைக்கு இருந்த அளவு ஆபத்து இன்றைக்கு இல்லை. வீட்டில் படிக்க ஒரு பிரதி வைத்திருப்பது ஆபாசச் சட்டத்தில் குற்றமே இல்லை, அது விற்பதையும் விற்க வைத்திருப்பதையும்தான் பிடிக்கும். பறிமுதல் அறிவிக்கை வந்த புத்தகம் மட்டும் வேறு விஷயம், அதன் பிரதியை எங்கே கண்டாலும் போலீஸ் எடுத்துக்கொள்ளலாம்.

நம்ம கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவைப் பத்தி யாராவது இப்படி எழுதினா, நீங்க சும்மா இருப்பீங்களா?

இந்தக் கேள்விக்கு நான் ஒரு வாரம் கழித்துத்தான் பதில் சொன்னேன். சிரசு எனக்கு வெறும் திருவிழா இல்லை. வைகாசி முதல் நாள் விடியற்காலையில் அம்மன் சிரசு புறப்படும்போது அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு கூட்டத்தில் நின்றதெல்லாம் ஞாபகம் இருக்கிறது. அதைப் பற்றி ஒருத்தர் அசிங்கமாக எழுதினால் எனக்கு வயிறு எரியும், நிச்சயமாக எரியும்.

ஆனால் எரிந்தால் என்ன செய்வேன் என்று யோசித்தேன். முழுசாகப் படிப்பேன். தப்பு என்றால் எங்கே தப்பு என்று எழுதுவேன், கூட்டம் போட்டுப் பேசுவேன், எழுதியவருக்கே கடிதம் போடுவேன். திருச்செங்கோட்டுக்காரர்களுக்கும் அந்த உரிமை எல்லாமே உண்டு. அப்படியொரு வழக்கம் எங்கள் ஊரில் இருந்ததே இல்லை என்று அவர்கள் மறுத்தார்கள், அது நியாயமான மறுப்பு, அதை எழுத்தில் வைத்திருந்தால் நானும் தேடிப் படித்திருப்பேன். எழுதியவரை ஊரைவிட்டுப் போக வைத்ததும், மன்னிப்புக் கடிதத்தில் கையெழுத்து வாங்கியதும் மறுப்பு ஆகாது.

அதான் தீர்ப்பு வந்துடுச்சே, ஜெயிச்சாச்சே. அப்புறம் என்ன குறை?

தீர்ப்பு வந்தது பதினெட்டு மாதம் கழித்து. அடுத்த மாதமே டெல்லியில் ‘கோழையின் பாடல்கள்’ கவிதைத் தொகுப்பு வெளியானபோது, தனக்குள் இப்போது ஒரு தணிக்கையாளர் உட்கார்ந்திருக்கிறார், மனசில் பிறக்கிற ஒவ்வொரு சொல்லையும் சோதிக்கிறார் என்று பெருமாள்முருகனே சொன்னார். பிறகு வந்த நாவல் ‘பூனாச்சி’, ஒரு வெள்ளாட்டின் கதை. மனிதர்களைப் பற்றி எழுதப் பயம், தெய்வங்களைப் பற்றி எழுத இன்னும் பயம் என்று முன்னுரையில் சொல்லிவிட்டுத்தான் ஆட்டிடம் வருகிறார்.

‘பூனாச்சி’ நல்ல நாவல், நான் இரண்டு தடவை படித்திருக்கிறேன். ஆனாலும் படிக்கும்போதெல்லாம், ஊரும் தெருவும் பெயரோடு வருகிற மாதிரி எழுதிக்கொண்டிருந்த ஒருவர் இதில் நிஜ ஊர் எதையும் பெயர் சொல்லாமல் விட்டிருக்கிறாரே என்று மனசு அடித்துக்கொள்கிறது. அந்தத் தணிக்கையாளரை வெளியேற்ற எந்தக் கோர்ட்டுக்குப் போவது?

நாம இந்த மாதிரி புக்குக்கு கூட்டம் போட்டு, யாராவது வந்து நிறுத்துன்னா என்ன பண்றது?

எங்களுக்கே நடந்தது. இந்த நாவலுக்கு ஒரு மண்டபம் பேசி அட்வான்சும் கொடுத்திருந்தோம். முந்தின நாள் ராத்திரி மண்டபத்துக்காரர் போன் பண்ணி, “அந்த புக்கு வேணாமாம்பா, வேற எதனா பேசிக்கோங்க” என்றார். யார் சொன்னது என்று கேட்டால் “சொன்னாங்கப்பா” என்பதற்கு மேல் வார்த்தை இல்லை. அட்வான்சைத் திருப்பிக் கொடுத்துவிட்டார், நல்ல மனுஷர்தான், பயந்துவிட்டார்.

அன்றைக்கு எனக்குக் கோபம்தான் வந்தது, என்ன கேட்பது என்று தெரியவில்லை. இப்போது தெரியும். யார் வந்து நிறுத்தச் சொன்னாலும் மரியாதையாக, எந்தப் பிரிவில் சொல்கிறீர்கள், எழுத்தில் கொடுங்கள் என்று கேளுங்கள். அந்தப் புத்தகத்துக்கு அறிவிக்கை இருந்தால் தேதியும் எண்ணும் இருக்கும். கூட்டத்துக்குத் தடை என்றால் அதற்கும் தனி உத்தரவு இருக்கும், அதையும் எதிர்க்க வழி உண்டு. ‘இனி இந்த மாதிரி செய்ய மாட்டேன்’ என்று எழுதிக் கொடுக்கச் சொன்னால் வக்கீலைக் கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். நாமக்கல்லில் நடந்ததெல்லாம் ஒரு கையெழுத்தில் வந்து நின்றதுதான். கூட்டத்தை நாங்கள் கடைசியில் திண்ணையிலேயே நடத்தினோம், முப்பது பேர் வந்தார்கள், தெருவில் பாய் போட வேண்டியிருந்தது.

அலமாரியில ரெண்டு காப்பி இருக்கே, எதை எடுத்துக்கட்டும்னு அக்கா கேட்டாங்க?

அட்டை கிழிந்ததை எடுக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். அதில் கடைசி முப்பது பக்கம் மட்டும் தையல் விட்டுத் தனியாக வந்துவிட்டது, வருகிறவர்கள் எல்லாரும் நேராக அங்கேயே பிரித்துப் பிரித்து. முன்பக்கங்கள் இன்னும் புதுசு போல இருக்கின்றன. அக்காவிடம் மற்றதைக் கொடுங்கள், முதல் பக்கத்திலிருந்து படிக்கச் சொல்லுங்கள், திருப்பித் தர அவசரமே இல்லை.